தேடிய சொல் ஒரு வரி, ஒளிரும் வரி வேறு: வருடிய பக்கத்தில் விலகிய உரையடுக்கைச் சரிசெய்தல்

பழைய விழா மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் மின்னிலக்கமாக்கும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. பிடிஎஃப் கோப்பில் ஒரு பெயரைத் தேடினால் பெயர் கிடைக்கிறது, ஆனால் மஞ்சள் நிறம் அந்தப் பெயரின் மேல் விழாமல் இரண்டு வரி தள்ளி விழுகிறது. ஒரு பத்தியைத் தெரிவுசெய்து நகலெடுத்தால் ஒட்டும் இடத்தில் அதற்கு அடுத்த பத்தி வந்து நிற்கிறது. உடனே "ஓசிஆர் தமிழுக்குச் சரிவராது" என்றோ "எழுத்துருவில் கோளாறு" என்றோ ஒரு முடிவுக்கு வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் இரண்டு முடிவுகளுமே தவறு. எழுத்துகள் சரியாகவே படிக்கப்பட்டிருக்கின்றன, அவை வைக்கப்பட்ட இடம்தான் பிசகியிருக்கிறது. இடப்பிசகுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதால், அதை அளந்து கணக்கிட்டுத் திருத்த முடியும்.

## கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்கு என்பது என்ன?

வருடியில் வைத்து எடுத்த பக்கம் வெறும் படம். அதில் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கணினிக்குக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளின் கூட்டம் மட்டுமே. அந்தப் படத்தைப் பார்த்து எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருளைத்தான் ஓசிஆர் என்கிறோம். அது படித்த சொற்களைப் படத்திற்கு மேலேயே, அந்தந்தச் சொல் இருக்கும் இடத்தில், மை இல்லாமல் எழுதிவிடுகிறது. அச்சிட்ட தாளின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, கீழே தெரியும் ஒவ்வொரு சொல்லையும் அதே இடத்தில் நிறமற்ற மையால் எழுதியது போன்ற ஏற்பாடு இது. படிக்கும் நாம் கீழே உள்ள தாளைப் பார்க்கிறோம். தேடும் கணினி மேலே உள்ள கண்ணாடித் தாளைப் பார்க்கிறது. மேலே உள்ள இந்தத் தாளுக்கு உரையடுக்கு என்று பெயர்.

நிறமற்ற மை என்பது பிடிஎஃப் வடிவத்தில் மிக எளிய ஒரு கட்டளை. கோப்பின் உட்பகுதியில் `3 Tr` என்று எழுதியிருந்தால், "இனி வரும் எழுத்துகளை நிரப்பவும் வேண்டாம், கோடாக வரையவும் வேண்டாம்" என்று பொருள். எழுத்து அங்கே இருக்கும், வரையப்படாது.

இந்த ஏற்பாட்டில் படத்திற்கும் உரையடுக்கிற்கும் நடுவே எந்தப் பிணைப்பும் இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. ஒன்றை நகர்த்தினாலோ சுருக்கினாலோ மற்றது பின்தொடர்ந்து வராது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரே சொல்லுக்குள் மஞ்சள் நிறம் எழுத்துக்கு எழுத்து பொருந்தாமல் சற்று முன்பின்னாக இருந்தால், அது இந்தக் கோளாறு அன்று. டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருள்கள் உரையடுக்கிற்கு உருவமே இல்லாத ஓர் எழுத்துருவைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே அகலம். முழுச் சொல்லையும் இழுத்தோ சுருக்கியோ, படத்தில் உள்ள சொல்லின் அகலத்திற்கு ஈடாக்கிவிடுகிறார்கள். தமிழில் 'கி' என்னும் ஓரெழுத்துக்குள் மெய்க்கு ஒரு குறியீடும் உயிர்க்குறிக்கு ஒரு குறியீடும் இருப்பதால், சொல்லின் தொடக்கமும் முடிவும் பொருந்தினாலும் இடையில் உள்ள எழுத்துகள் பொருந்தாமல் போவது இயல்பு. அதை யாரும் திருத்த முயல வேண்டாம்.

சுருக்கமாக: நாம் பார்ப்பது படம், தேடுவது உரையடுக்கு, இரண்டும் தனித்தனி. சொல் முழுவதும் இடம் மாறியிருந்தால் மட்டுமே சிக்கல்.

## ஒரு சொல்லின் இடம் எப்படிக் குறிக்கப்படுகிறது?

படத்தில் இடத்தைப் பிக்சல் கணக்கில் சொல்வார்கள். பிக்சல் என்பது படத்தின் மிகச் சிறிய புள்ளி. மேல் இடது மூலையில் தொடங்கி, வலப்பக்கம் இத்தனை, கீழ்நோக்கி இத்தனை என்று எண்ண வேண்டும். பிடிஎஃப் பக்கத்திலோ அளவு பாயிண்ட். ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட் உண்டு, ஏ4 தாள் ஏறத்தாழ 595 பாயிண்ட் அகலமும் 842 பாயிண்ட் உயரமும் கொண்டது. அங்கே எண்ணிக்கை கீழ் இடது மூலையில் தொடங்கி மேல்நோக்கிப் போகிறது.

பிக்சலைப் பாயிண்டாக மாற்ற, படம் எந்த அடர்த்தியில் வருடப்பட்டது என்பது தெரிய வேண்டும். ஓர் அங்குலத்திற்கு இத்தனை பிக்சல் என்பதே அடர்த்தி, இதை டிபிஐ என்பார்கள். 300 டிபிஐயில் வருடிய பக்கத்தில் ஒரு பிக்சல் 72/300, அதாவது 0.24 பாயிண்ட். ஆகவே கணக்கு இப்படி அமையும்:

```
x = px × 72 / dpi
y = H − py × 72 / dpi
```

இதில் `H` என்பது பக்கத்தின் உயரம். மேலிருந்து எண்ணியதைக் கீழிருந்து எண்ணுவதாக மாற்றவே அந்தக் கழித்தல். இந்த இரண்டு வரிக் கணக்கில் ஏதாவது ஓர் எண் மாறினால் உரையடுக்கு விலகும். வேறு மாயம் ஒன்றும் இல்லை.

## விலகலின் மூன்று உருவங்கள்

முதலாவது நகர்வு. பக்கத்தில் எங்கே பார்த்தாலும் விலகல் ஒரே அளவாக இருக்கும். ஓசிஆர் முடிந்த பிறகு யாரோ படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தால் இப்படி ஆகும்.

இரண்டாவது அளவு மாற்றம். ஒரு மூலையில் ஏறக்குறையப் பொருந்தியிருக்கும், அங்கிருந்து விலகப் போகப் பிசகு வளர்ந்துகொண்டே போகும். டிபிஐ தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டாலோ, படம் மட்டும் "தாளுக்குள் அடங்குமாறு" சுருக்கப்பட்டாலோ இது நேரும்.

மூன்றாவது சாய்வு. வரியின் இடப்பக்கம் பொருந்தியிருக்கும், வலப்பக்கம் போகப் போக மஞ்சள் பட்டை வரியை விட்டு மேலேறும் அல்லது கீழிறங்கும். கோணலாக வருடிய படத்தை ஓசிஆருக்குப் பிறகு நேராக்கினால் வருவது இது. ஒரு பாகைச் சாய்வு சிறியதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஏ4 தாளின் அகலத்தில் அது மறுமுனையில் பத்துப் பாயிண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட ஓர் எழுத்தின் உயரம்.

மூன்றுக்கும் பொதுவான காரணம் ஒன்றே: ஓசிஆர் பார்த்த படம் வேறு, இப்போது பக்கத்தில் இருக்கும் படம் வேறு. நடைமுறையில் இவை கலந்தே வரும். ஒரு சொல்லை மட்டும் பார்த்து "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் போதும்" என்று முடிவுசெய்வதுதான் பலரும் வழுக்கும் இடம். நகர்வா அளவு மாற்றமா என்பதை ஒரு சொல்லால் ஒருபோதும் பிரித்தறிய முடியாது.

## ஒரு விழா மலரின் கணக்கு

ஓர் அமைப்பு தன் பழைய விழா மலரை 300 டிபிஐயில் வருடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓசிஆர் முடிந்ததும் தொண்டூழியர்கள் பல வாரம் உட்கார்ந்து பெயர்களையும் ஊர்களையும் கையால் திருத்துகிறார்கள். பிறகு ஓரங்களில் தெரியும் கறுப்புப் பட்டை அழகாக இல்லை என்று இன்னொருவர் படங்களை மட்டும் வெட்டி, ஏ4 அளவில் புதிய பிடிஎஃப் ஆக்குகிறார். திருத்திய உரையை இழக்க மனமில்லாமல், பழைய உரையடுக்கை அதன்மேல் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். இப்போது பக்கத்தின் அடிப்பகுதியில் தேடல் ஓரளவு பொருந்துகிறது, மேற்பகுதியில் இரண்டு வரி தள்ளி ஒளிர்கிறது.

முதலில் உரையடுக்கின் அளவை எடுக்க வேண்டும். பாப்ளர் என்னும் இலவசக் கருவித் தொகுப்பில் உள்ள கட்டளை, ஒவ்வொரு சொல்லின் இடத்தையும் பாயிண்டில் பட்டியலிடும். இரண்டாவது கட்டளை அதே பக்கத்தை 300 டிபிஐ படமாக்கித் தரும். உரையடுக்கு நிறமற்றது என்பதால் இந்தப் படத்தில் வராது, அச்செழுத்து மட்டுமே தெரியும்.

```
pdftotext -bbox -f 12 -l 12 malar.pdf words.html
pdftoppm -r 300 -png -f 12 -l 12 malar.pdf page
```

பிறகு பக்கத்தில் எதிரெதிர் மூலைகளுக்கு அருகே இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று கீழ் இடப்பக்கம், மற்றொன்று மேல் வலப்பக்கம். இரண்டுமே பக்கத்தில் ஒரே ஒரு முறை வரும் சொற்களாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் வேறொரு வரியில் உள்ள அதே சொல்லை அளந்துவிடுவோம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ் இடது மூலையை அளக்கிறோம். பட்டியலில் அது `xMin`, `yMax` என்னும் எண்கள். இந்தக் கட்டளை மேலிருந்து எண்ணுவதால் `yMax` எண்ணை 842இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

நம் மலரில் கீழ்ச் சொல்லின் `xMin` 80, `yMax` 742. கழித்தால் உரையடுக்கில் அதன் இடம் (80, 100). மேல் சொல்லின் `xMin` 480, `yMax` 62. அதன் இடம் (480, 780).

இனிப் படத்தைத் திறந்து அதே சொற்களின் மேல் சுட்டியை வைத்துப் பிக்சலைப் படிக்கிறோம். கீழ்ச் சொல் வலப்பக்கம் 302, கீழ்நோக்கி 3101. ஒவ்வொன்றையும் 0.24ஆல் பெருக்கி, உயரத்தை 842இலிருந்து கழித்தால் (72.5, 97.8) கிடைக்கிறது. மேல் சொல் 1902, 381. அதுவும் அதே வழியில் (456.5, 750.6) ஆகிறது.

விலகலைப் பாருங்கள். கீழ்ச் சொல் 7.5 பாயிண்ட் வலப்பக்கமும் 2.2 பாயிண்ட் மேலேயும் தள்ளியிருக்கிறது. மேல் சொல்லோ 23.5 பாயிண்ட் வலப்பக்கமும் 29.4 பாயிண்ட் மேலேயும் தள்ளியிருக்கிறது. இரண்டும் சமம் அல்ல என்பதால் இது வெறும் நகர்வு அன்று. மேல் சொல்லைப் பார்த்து உரையடுக்கு முழுவதையும் 29.4 பாயிண்ட் கீழே இறக்கியிருந்தால், இப்போது ஓரளவு சரியாக உள்ள அடிப்பகுதி கெட்டிருக்கும்.

அளவு மாற்றத்தைக் காண, இரண்டு சொற்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் படத்திலும் உரையடுக்கிலும் ஒப்பிட வேண்டும். குறுக்காகப் படத்தில் 384, உரையடுக்கில் 400. நெடுக்காகப் படத்தில் 652.8, உரையடுக்கில் 680. இரண்டு வகுத்தலுக்கும் விடை 0.96. இரு திசையிலும் ஒரே எண் வருவது நல்ல அறிகுறி. அளவெடுப்பு சரி என்பதையும், சாய்வு கலக்கவில்லை என்பதையும் பெரும்பாலும் அது காட்டிவிடும். இரண்டும் கணிசமாக வேறுபட்டால் மூன்றாவதாக ஒரு சொல்லை, மேல் இடப்பக்கத்தில், அளந்து சாய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மீதமிருப்பது நகர்வு. 80ஐ 0.96ஆல் பெருக்கினால் 76.8. ஆனால் சொல் இருக்க வேண்டிய இடம் 72.5, ஆகவே குறுக்கு நகர்வு −4.3. நெடுக்காக 100 × 0.96 = 96, இருக்க வேண்டியது 97.8, ஆகவே நகர்வு 1.8.

## இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

கணக்கு முடிந்தபின் காரணத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பது என் வழக்கம். வெட்டிய படம் 2500 × 3500 பிக்சல், அதாவது 600 × 840 பாயிண்ட். ஏ4 தாளைவிட அகலம் கூடுதல் என்பதால் மென்பொருள் அதைச் சுற்றிலும் சிறிது ஓரம் விட்டு 96 விழுக்காடாகச் சுருக்கி நடுவில் வைத்திருக்கிறது. சுருங்கிய படம் 576 × 806.4 பாயிண்ட். இடப்பக்கம் 9.5, அடியில் 17.8 பாயிண்ட் வெற்றிடம் விழும். இடப்பக்கம் வெட்டியது 60 பிக்சல், அதாவது 14.4 பாயிண்ட், சுருங்கினால் 13.8. 9.5இலிருந்து 13.8ஐக் கழித்தால் −4.3. அடியில் வெட்டியது 70 பிக்சல், 16.8 பாயிண்ட், சுருங்கினால் 16.1. 17.8இலிருந்து கழித்தால் 1.7. அளந்து கிடைத்த −4.3, 1.8 ஆகியவற்றோடு இவை ஒரு பிக்சலுக்கும் குறைவான வேறுபாட்டில் பொருந்துகின்றன.

இதில் மேலே எவ்வளவு வெட்டினார்கள் என்பது எங்குமே வரவில்லை. பிடிஎஃப் கீழிருந்து எண்ணுவதால் அடியில் வெட்டியதே கணக்கில் சேரும். மேற்புற வெட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு, விடை ஏன் பொருந்தவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் நிறையப் பேர்.

சுருக்கமாக: இரண்டு சொல், நான்கு தூரம், இரண்டு வகுத்தல், இரண்டு கழித்தல். கிடைப்பவை அளவுக்கு ஓர் எண்ணும் நகர்வுக்கு இரண்டு எண்களும்.

## திருத்தத்தைக் கோப்பில் எழுதுதல்

பிடிஎஃப் பக்கத்தில் `cm` என்னும் கட்டளை, அதற்குப் பின் வருவனவற்றை எல்லாம் நாம் கொடுக்கும் எண்களின்படி சுருக்கியோ விரித்தோ நகர்த்தியோ வைக்கும். உரையடுக்கு `BT` என்று தொடங்கி `ET` என்று முடியும் பகுதிகளில் இருக்கும். அவற்றைச் சுற்றி இப்படி எழுதினால் போதும்:

```
q
0.96 0 0 0.96 -4.3 1.8 cm
BT
3 Tr
...
ET
Q
```

முன்னே உள்ள `q` இப்போதைய நிலையை நினைவில் வைக்கிறது, பின்னே உள்ள `Q` அந்த நிலைக்குத் திரும்புகிறது. இவை இருப்பதால் திருத்தம் உரையடுக்கை மட்டுமே தொடும், படம் அசையாது. சொற்களைத் திருத்திய உழைப்பில் ஓர் எழுத்துகூட மாறாது.

சாதாரணமாக இந்தப் பகுதி சுருக்கிய வடிவில் இருப்பதால் படிக்க முடியாது. `qpdf` என்னும் கருவி அதை விரித்துத் தரும், திருத்தியபின் `fix-qdf` உள்கணக்கைச் சீர்செய்யும்.

```
qpdf --qdf --object-streams=disable malar.pdf edit.pdf
fix-qdf edit.pdf > final.pdf
```

நடுவில் திருத்தும்போது, கோப்பில் உள்ள படங்களின் பைட்டுகளை மாற்றாமல் சேமிக்கும் எழுத்துத் தொகுப்பியையே பயன்படுத்த வேண்டும். சாதாரண நோட்பேடில் சேமித்தால் படங்கள் பாழாகலாம். நூறு பக்க மலருக்கு இதைக் கையால் செய்வது வீண் வேலை, `pikepdf` என்னும் பைதான் நூலகத்தில் பழகிய ஒருவரிடம் இந்த மூன்று எண்களைக் கொடுத்தால் சிறு நிரலொன்றில் முடித்துவிடுவார். ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் அதே எண்கள் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. புத்தகத்தில் இடப்பக்கத் தாளின் முதுகு ஓரம் வலப்புறமும், வலப்பக்கத் தாளின் முதுகு ஓரம் இடப்புறமும் வருவதால், ஒற்றைப்படைப் பக்கத்துக்கும் இரட்டைப்படைப் பக்கத்துக்கும் வெட்டு மாறியிருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்தைத் தனியே அளப்பதே முறை.

திருத்தியபின் அளவெடுத்த சொற்களைச் சோதித்துப் பயனில்லை, அவை எப்படியும் பொருந்தும். பக்கத்தின் நடுவிலும் மேல் இடப்பக்கத்திலும் வேறு சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும். எங்கும் ஒரே அளவாக ஒன்றிரண்டு பாயிண்ட் மேலோ கீழோ இருந்தால் கவலை வேண்டாம். பட்டியலில் வரும் `yMax` எழுத்துருவின் அடிவிளிம்பைக் காட்டுவது, படத்தில் நாம் அளந்தது அச்சின் அடிவிளிம்பு. கடைசி எண்ணை மட்டும் அதற்கேற்ப மாற்றினால் சரியாகிவிடும்.

பழைய உறுப்பினர் பட்டியல்களில் அடையாள அட்டை எண்களும் முகவரிகளும் இருக்கும். பொதுவில் வெளியிடும் முன் அவற்றைக் கறுப்புக் கட்டத்தால் மறைப்பார்கள். மறைக்கும் மென்பொருள் கட்டத்திற்கு உட்பட்ட இடத்தில் உள்ள உரையையே நீக்கும். உரையடுக்கு இரண்டு வரி தள்ளியிருந்தால், படத்தில் மறைந்த எண் உரையடுக்கில் அப்படியே தங்கிவிடும், தொடர்பில்லாத வேறொரு வரி அழிந்துபோகும். பார்வைக்கு எல்லாம் மறைந்தது போலவே தெரியும். எனவே நேர்ப்படுத்துவதை எப்போதும் மறைப்பதற்கு முன்னரே செய்ய வேண்டும்.

## எப்போது இந்த வழி உதவாது?

தடித்த நூலை விரித்து வைத்து எடுத்த படத்தில் முதுகுக்கு அருகே வரிகள் வளைந்திருக்கும். அந்த வளைவை ஓசிஆருக்குப் பிறகு மென்பொருளால் நிமிர்த்தினால், பக்கத்தின் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அளவில் நகர்ந்திருக்கும். நான்கு மூலைகளில் அளந்து வரும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். எந்த ஒரு `cm` வரியும் அதைத் தீர்க்காது. அங்கே `ocrmypdf` என்னும் கருவியால் ஓசிஆரை மறுபடி ஓட்டுவதே வழி:

```
ocrmypdf --redo-ocr -l tam malar.pdf new.pdf
```

இது பழைய நிறமற்ற உரையை நீக்கி, இப்போதுள்ள படத்தைப் பார்த்துப் புதிதாக எழுதும். கையால் திருத்தியவை அனைத்தும் போய்விடும் என்பதால், அதற்கு முன் `pdftotext` கொண்டு பழைய உரையைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கங்கள் கோணலாகவும் இருந்தால் இந்தக் கட்டளையோடு `--deskew` சேர்க்க இயலாது, இரண்டும் ஒன்றாக ஏற்கப்படமாட்டா. அப்போது `--redo-ocr` என்பதற்குப் பதிலாக `--force-ocr` கொடுத்து அதனோடு `--deskew` சேர்க்கலாம். அது ஒவ்வொரு பக்கத்தையும் புதிய படமாக மாற்றி, முதலில் நேராக்கி, பிறகே ஓசிஆர் செய்யும். கோப்பு பெருக்கும், ஆனால் ஓசிஆர் பார்த்த படமும் பக்கத்தில் இருக்கும் படமும் ஒன்றாகவே இருக்கும்.